முன்னேற்ற அறிக்கையைப் பெற்றோருக்குச் சுருக்கி எழுதுவது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பாலக்காடு மாவட்டத்தின் சித்தூர் வட்டத்தில், கொழிஞ்சாம்பாறையை ஒட்டிய தமிழ் வழி உயர்நிலைப் பள்ளி ஒன்றில் வகுப்பாசிரியராக இருக்கிறேன். ஓணப் பரீட்சைக்கும் கிறிஸ்துமஸ் பரீட்சைக்கும் பிறகு நடக்கும் கிளாஸ் பி.டி.ஏ. கூட்டங்களில் பெற்றோர் கேட்கும் ஐயங்களும், புதிதாகப் பணியில் சேர்ந்த ஆசிரியர்கள் கேட்கும் ஐயங்களும் ஆண்டுதோறும் ஒன்றாகவே இருப்பதால் அவற்றை இங்கே தொகுத்திருக்கிறேன். எடுத்துக்காட்டுகள் ஒன்பதாம் வகுப்பை வைத்தே எழுதப்பட்டவை.

கார்டையே கையில் கொடுத்துவிடுகிறோமே, பிறகு எதற்குத் தனியாக ஒரு சுருக்கம்?

கார்டில் பத்துப் பாட வரிசைகள் இருக்கின்றன. ஒவ்வொன்றிலும் எழுத்துத் தேர்வு மதிப்பெண், சி.இ. மதிப்பெண், கிரேடு என்று மூன்று கட்டங்கள். எங்கள் பகுதியில் பல கார்டுகளின் தலைப்புகள் ஆங்கிலத்திலோ மலையாளத்திலோ அச்சாகியிருக்கின்றன. வடகரப்பதியிலும் எருத்தேன்பதியிலும் இருந்து வரும் பெற்றோரில் கணிசமானோர் கோபாலபுரத்துக்கு அந்தப் பக்கம், பொள்ளாச்சி வட்டாரத்துப் பள்ளிகளில் படித்தவர்கள். அவர்களுக்கு நூற்றுக்கு எத்தனை என்பதும், முப்பத்தைந்து எடுத்தால் பாஸ் என்பதும்தான் பழக்கம். நம் கார்டிலுள்ள எழுத்துகள் அவர்களிடம் எதையும் சொல்வதில்லை.

எனவே சுருக்கம் அரைப் பக்கத்துக்கு மேல் போகாமல் மூன்று செய்திகளைச் சொன்னால் போதும். பிள்ளைக்கு எது நன்றாக வருகிறது, எந்த இடத்தில் தடுக்கிறது, அடுத்த தேர்வுக்குள் வீட்டில் என்ன செய்ய வேண்டும். பத்துப் பாடத்தையும் வரிசையாகத் தமிழில் எழுதிக் கொடுத்தால் அது மொழிபெயர்த்த கார்டாக இருக்குமே தவிர சுருக்கமாக இருக்காது.

சி ப்ளஸ், டி ப்ளஸ் என்றெல்லாம் போட்டிருக்கிறதே டீச்சர், என் பிள்ளை பாஸா, பெயிலா?

உயர்நிலை வகுப்புகளில் ஒன்பது படிகள் உள்ளன. நூற்றுக்குத் தொண்ணூறும் அதற்கு மேலும் ஏ ப்ளஸ், எண்பதிலிருந்து ஏ, எழுபதிலிருந்து பி ப்ளஸ், அறுபதிலிருந்து பி, ஐம்பதிலிருந்து சி ப்ளஸ், நாற்பதிலிருந்து சி, முப்பதிலிருந்து டி ப்ளஸ், இருபதிலிருந்து டி, அதற்கும் கீழே ஈ. பத்தாம் வகுப்புத் தேர்வில் மேற்படிப்புக்குத் தகுதி பெற ஒவ்வொரு பாடத்திலும் டி ப்ளஸாவது வேண்டும். ஆகவே, பெற்றோர் கேட்கும் பொருளில் டி ப்ளஸ்தான் எல்லைக்கோடு.

சுருக்கத்தில் கிரேடை மட்டும் எழுதாமல் பக்கத்தில் மதிப்பெண்ணையும் எழுதுவது நல்லது. "சி ப்ளஸ், அதாவது நூற்றுக்கு 52" என்று எழுதினால் தமிழ்நாட்டு முறையில் படித்த தாய்க்கும் உடனே விளங்கும்.

சி.இ. என்று ஒரு கட்டம் இருக்கிறதே, அது என்ன மார்க்?

தொடர் மதிப்பீடு. வகுப்பில் பங்கெடுப்பது, செயல்திட்டம், ஒப்படைப்பு, வகுப்புத் தேர்வு முதலியவற்றைப் பார்த்துப் பாட ஆசிரியர் தருகிற மதிப்பெண் அது. கணக்கு, ஆங்கிலம், சமூக அறிவியல் ஆகியவற்றில் எழுத்துத் தேர்வுக்கு 80, சி.இ.க்கு 20. தமிழின் இரு தாள்கள், இந்தி, இயற்பியல், வேதியியல், உயிரியல் ஆகியவற்றில் எழுத்துத் தேர்வுக்கு 40, சி.இ.க்கு 10.

பெரும்பாலான பிள்ளைகள் சி.இ.யில் இருபதுக்குப் பதினாறு, பதினேழு என்று வாங்கிவிடுகிறார்கள். ஒழுங்காக வகுப்புக்கு வந்து, சொன்னதைச் செய்து கொண்டுவரும் பிள்ளைக்கு அது கிடைப்பது முறைதான். ஆனால் எல்லாருக்கும் ஏறக்குறைய ஒன்றுபோல் வருவதால், ஒரு பிள்ளை எங்கே நிற்கிறது என்பதை அந்தக் கட்டத்தைப் பார்த்துக் கண்டுகொள்ள முடியாது.

டி ப்ளஸ் வந்துவிட்டதென்றால் போதும்தானே?

போதாது. பெற்றோர் மிகவும் ஏமாந்துபோவது இந்த இடத்தில்தான். கணக்கில் எழுத்துத் தேர்வில் எண்பதுக்கு 19, சி.இ.யில் இருபதுக்கு 18 வாங்கிய பிள்ளைக்கு மொத்தம் 37 வரும். கார்டில் டி ப்ளஸ் என்று இருக்கும். பார்ப்பவர்கள் தேறிவிட்டதாக எண்ணிக் கையெழுத்திட்டுக் கொடுத்துவிடுவார்கள்.

எழுத்துத் தேர்வில் மட்டும் தனியாக முப்பது விழுக்காடு எடுத்தாக வேண்டும் என்ற குறைந்தபட்ச மதிப்பெண் விதி 2024-25 கல்வியாண்டில் எட்டாம் வகுப்பில் தொடங்கியது. அடுத்த ஆண்டு ஒன்பதாம் வகுப்புக்கும், அதற்கடுத்த ஆண்டு பத்தாம் வகுப்புக்கும் அது விரியும் என்று அப்போதே அறிவித்துவிட்டார்கள். முப்பது விழுக்காடு என்றால் எண்பதுக்கு 24, நாற்பதுக்கு 12. மேலே சொன்ன பிள்ளை டி ப்ளஸ் வாங்கியிருந்தும் எழுத்துத் தேர்வில் ஐந்து மதிப்பெண் பின்தங்கியிருக்கிறது. ஆகவே சுருக்கம் எழுத உட்காரும்போது நான் முதலில் கிரேடு கட்டத்தைக் கையால் மறைத்துக்கொண்டு, எழுத்துத் தேர்வுக் கட்டத்தை மட்டும் மேலிருந்து கீழே படிக்கிறேன். 24க்கும் 12க்கும் கீழே உள்ளவற்றையும், அவற்றை ஒட்டி நிற்பவற்றையும் பென்சிலால் குறித்துக்கொள்கிறேன்.

குறைந்த கிரேடு வந்த பாடங்களையெல்லாம் பலவீனம் என்று எழுதினால் சரியாகிவிடாதா?

"கணக்கிலும் இயற்பியலிலும் பலவீனம்" என்பது கார்டிலேயே தெரிகிறது. அந்தப் பாடங்களில் எது வரவில்லை என்பதைச் சொல்வதற்குத்தான் ஆசிரியர் வேண்டும். அதைக் கார்டைப் பார்த்து எழுத முடியாது, விடைத்தாளைத் திறக்க வேண்டும். ஒரு பிள்ளைக்குப் பத்து நிமிடம் ஆகும். நாற்பது பிள்ளைகளுக்கும் இயலாதென்றால், பென்சில் குறி விழுந்த பாடங்களின் தாள்களை மட்டுமாவது பார்க்க வேண்டும்.

ஒரு மாணவியின் கிறிஸ்துமஸ் பரீட்சைத் தாள்களைச் சொல்கிறேன். கணக்கில் மேலே காட்டிய அதே 19, இயற்பியலில் நாற்பதுக்கு 13. இயற்பியல் தாளில் வரையறைகளும் படங்களும் சரியாக இருந்தன. கணக்கீடு கேட்ட வினாக்களுக்கு மொத்தம் 14 மதிப்பெண். அதில் அவள் பெற்றது ஒன்று. முடுக்கம் காணச் சொன்ன வினாவில் `v = u + at` என்ற வாய்பாட்டைச் சரியாக எழுதி, மதிப்புகளையும் சரியாக இட்டு, இப்படிச் செய்திருந்தாள்:

```
20 = 8 + 4a
28 = 4a
a = 7
```

எட்டை மறுபக்கம் கொண்டுபோகும்போது கழிக்காமல் கூட்டியிருக்கிறாள். 12 = 4a என்று வந்து, விடை 3 ஆகியிருக்க வேண்டும். பிறகு கணக்குத் தாளைத் திறந்தேன். வடிவியல் வரைபடங்களுக்கு நல்ல மதிப்பெண். சமன்பாடு வருகிற வினாக்கள் எல்லாவற்றிலும் அதே பிழை. கார்டு இரண்டு பாடங்களில் பலவீனம் என்று காட்டியது. உள்ளே இருந்ததோ ஒரே ஓட்டை. ஏழாம், எட்டாம் வகுப்பிலேயே அடைத்திருக்க வேண்டிய ஓட்டை அது. இதைக் கண்டுபிடிக்காமல் "இரண்டு பாடங்களிலும் கூடுதல் கவனம் தேவை" என்று எழுதியிருந்தால், அவள் இயற்பியல் வரையறைகளை, ஏற்கெனவே தெரிந்தவற்றை, மறுபடியும் உருப்போட்டுக்கொண்டிருந்திருப்பாள்.

அந்த மாணவிக்குக் கடைசியில் என்னதான் எழுதினீர்கள்? முழுதாகக் காட்ட முடியுமா?

பெயரையும் அடையாளங்களையும் விட்டுவிட்டு, எழுதியபடியே தருகிறேன்.

> தங்கள் மகள் தமிழ் முதல் தாளில் ஐம்பதுக்கு 43 மதிப்பெண்ணும் (ஏ), சமூக அறிவியலில் நூற்றுக்கு 75 மதிப்பெண்ணும் (பி ப்ளஸ்) பெற்றிருக்கிறாள். படித்ததைத் தன் சொந்த வாக்கியத்தில் எழுதுகிறாள். கணக்கில் வடிவங்களை அளவு பிசகாமல் வரைகிறாள்.
>
> கணக்கில் எழுத்துத் தேர்வில் எண்பதுக்கு 19தான் வந்திருக்கிறது, 24 வேண்டும். கார்டில் டி ப்ளஸ் என்று இருப்பதால் தேறிவிட்டாள் என்று எண்ண வேண்டாம். இயற்பியலிலும் விளிம்பில் நிற்கிறாள். இரண்டுக்கும் காரணம் ஒன்றே: சமன்பாட்டில் ஓர் எண்ணை மறுபக்கம் கொண்டுபோகும்போது கூட்டல், கழித்தல் மாறிப்போகிறது. மற்றவை அவளுக்குத் தெரியும்.
>
> நாள்தோறும் இரவு இரண்டு சமன்பாடுகள் மட்டும் தனி நோட்டில் போடட்டும். ஒவ்வொன்றின் அடியிலும் விடையை இட்டுச் சரிபார்த்த வரி இருக்க வேண்டும். அந்த வரியில் இரு பக்கமும் ஒரே எண் வந்திருக்கிறதா என்று தாங்கள் பார்த்தால் போதும். பிப்ரவரி முதல் வாரத்தில் நான் ஐந்து கணக்குக் கொடுத்துப் பார்த்து, முடிவைத் தங்களுக்குச் சொல்கிறேன்.

ஆங்கிலம், இந்தி, வேதியியல், உயிரியல் பற்றி இதில் ஒரு சொல்லும் இல்லை. அவை சி ப்ளஸுக்கும் பி ப்ளஸுக்கும் இடையே இருந்தன. அவற்றையும் எழுதியிருந்தால் அந்தத் தாயின் கண் முதலில் எங்கே போகும் என்று சொல்ல முடியாது. விட வேண்டியதை விடுவதற்குத் துணிவு வேண்டும். புதிய ஆசிரியர்கள் எல்லாவற்றையும் எழுதிவிடுவது பொறுப்பினால்தான் என்றாலும், படிப்பவருக்கு அது பாரமாகிவிடுகிறது.

"நன்றாகப் படிக்கவும்" என்று எழுதினால் தவறா?

தவறில்லை, ஆனால் அதைப் படித்த பெற்றோர் மறுநாள் காலையில் எதை மாற்றிச் செய்வார்கள் என்று கேட்டுப் பார்த்தால் ஒன்றும் இராது. பெரும்பாலும் அது பிள்ளைக்கு விழும் திட்டாக மட்டும் மாறும். மேலே காட்டிய ஆலோசனையில் என்ன செய்வது, எவ்வளவு, எப்போது, யார் எப்படிப் பார்ப்பது, ஆசிரியர் எப்போது திரும்பப் பார்ப்பார் என்பவை இருக்கின்றன.

இவற்றில் நான் அதிகம் யோசித்து எழுதுவது "யார் எப்படிப் பார்ப்பது" என்ற பகுதியை. தோப்பு வேலைக்கும் மில் வேலைக்கும் விடியலில் கிளம்பிப் போகும் பெற்றோரிடம், ஒன்பதாம் வகுப்புக் கணக்கைச் சொல்லிக்கொடுங்கள் என்பது நியாயமில்லாத கோரிக்கை. ஆனால் `20 = 20` என்று முடிகிற வரி இருக்கிறதா என்று பார்க்கக் கணக்குத் தெரிய வேண்டியதில்லை. அதுபோல ஆங்கிலத்தில் எழுத்துப்பிழை மிகுந்த பிள்ளைக்கு, பாடத்திலிருந்து ஐந்து வரியைப் பார்த்து எழுதி, பிறகு பாராமல் எழுதி, பிழையைத் தானே சிவப்பு மையால் வட்டமிடச் சொல்லலாம். தந்தை பார்க்க வேண்டியது நாளுக்கு நாள் வட்டங்கள் குறைகின்றனவா என்பதை மட்டுமே. ஒரு வட்டமும் இல்லாத பக்கம் முதல் நாளே வந்தால் பிள்ளை பார்த்து எழுதியிருக்கலாம் என்பதையும் அவரிடம் சொல்லிவைப்பேன்.

பலம் என்று எழுத ஒன்றுமே இல்லாத பிள்ளைக்கு என்ன எழுதுவது?

பாட வரிசையில் தேடினால் கிடைக்காது. வினா வரிசையில் தேட வேண்டும். எல்லாப் பாடத்திலும் டி வாங்கிய ஒரு மாணவனின் சமூக அறிவியல் தாளில் வரைபட வினா மட்டும் முழுதாகச் சரியாக இருந்தது. ஆறுகளையும் மலைகளையும் இடம் தவறாமல் குறித்திருந்தான். "வரைபடத்தை நன்றாகப் படிக்கிறான், பாடத்தை வாசிக்கும்போது அருகில் வரைபடத்தை வைத்துக்கொள்ளட்டும்" என்று எழுதியபோது பலமும் ஆலோசனையும் ஒன்றாக அமைந்தன.

"அமைதியானவன்", "நல்ல பிள்ளை" என்பவற்றைப் பலம் என்ற இடத்தில் எழுதுவதில் எனக்கு உடன்பாடில்லை. பாடத்தில் சொல்ல ஒன்றுமில்லை என்பதைத்தான் ஆசிரியர் இப்படி மறைக்கிறார் என்று பெற்றோர் எளிதாகக் கண்டுகொள்கிறார்கள்.

ஓணப் பரீட்சையில் பி ப்ளஸ், இப்போது பி. சரிந்துவிட்டானா?

மதிப்பெண்ணைப் பார்க்காமல் சொல்ல முடியாது. எழுபதிலிருந்து அறுபத்தொன்பதுக்கு வந்தாலும் ஒரு படி இறங்கும். ஐம்பத்தொன்பதிலிருந்து ஐம்பதுக்கு ஒன்பது மதிப்பெண் இறங்கினாலும் சி ப்ளஸ் அப்படியே இருக்கும். முதலாவதைக் கண்டு வீட்டில் அடி விழுகிறது. இரண்டாவதை யாரும் கவனிப்பதேயில்லை. ஐம்பது மதிப்பெண் பாடங்களில் ஒரு மதிப்பெண் குறைந்தாலே இரண்டு விழுக்காடு போய்விடும் என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும்.

நான் ஐந்து விழுக்காட்டுக்குள் உள்ள ஏற்ற இறக்கத்தைச் சுருக்கத்தில் எழுதுவதில்லை. அதற்கு மேல் என்றால், சி.இ.யை விலக்கிவிட்டு எழுத்துத் தேர்வு மதிப்பெண்ணை மட்டும் இரு தேர்வுகளுக்கும் ஒப்பிட்டு, "ஓணத்துக்கு எண்பதுக்கு 51, இப்போது 38" என்று இரண்டு எண்களையும் எழுதிவிடுகிறேன்.

ரேங்க் எத்தனை என்று சொல்லவே மாட்டீர்களா?

சொல்வதில்லை. கேரளத்தில் 2005ஆம் ஆண்டு எஸ்.எஸ்.எல்.சி. தேர்விலேயே கிரேடு முறை வந்து ரேங்க் போய்விட்டது. மற்றொரு பிள்ளையின் மதிப்பெண்ணை ஒப்பிட்டு எழுதுவதும் இல்லை. தன் பிள்ளை போன தேர்வில் எங்கே இருந்தது என்ற ஒப்பீடு, முந்தைய விடையில் உள்ளபடி, போதுமானது.

பெற்றோருக்குப் படிக்கத் தெரியாதென்றால்? பிள்ளையே படித்துக் காட்டட்டுமா?

பிள்ளையிடம் விடக்கூடாது என்பதை நான் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். ஓராண்டு ஒரு மாணவன், டி என்றால் டிஸ்டிங்ஷன் என்று தன் பாட்டியிடம் சொல்லிவிட்டான். அந்த அம்மா மகிழ்ச்சியோடு எனக்கு வீட்டுத் தேங்காய் கொண்டுவந்து கொடுத்தபோதுதான் எனக்கே தெரிந்தது. உண்மையை அவர் முகத்துக்கு நேரே சொல்ல வேண்டியிருந்த அந்த நிமிடத்தை இன்னும் மறக்கவில்லை. குற்றம் பையனுடையதன்று, பயந்த பிள்ளையின் கையில் நாங்கள்தான் அந்தப் பொறுப்பைக் கொடுத்திருந்தோம்.

இப்போது அத்தகைய வீடுகளுக்கு, எழுதிய சுருக்கத்தையே நான் நிறுத்தி நிதானமாகப் படித்து, ஒன்றரை நிமிடக் குரல் பதிவாக வாட்ஸ்அப்பில் அனுப்புகிறேன். ஆலோசனைப் பகுதியை இரண்டு முறை சொல்வேன். கூட்டத்துக்கு வந்தவர்களிடம் நேரில் படித்துக் காட்டிவிட்டு, "இப்போது வீட்டுக்குப் போய் அவரிடம் என்ன சொல்வீர்கள்?" என்று கேட்பேன். அவர்கள் திருப்பிச் சொல்வதில் எது விடுபடுகிறதோ, அது என் எழுத்தில் தெளிவில்லாமல் இருந்த இடம்.

டியூஷனில் சேர்க்கட்டுமா என்று கேட்டால் என்ன எழுதுவது?

எந்தப் பகுதி வரவில்லை என்பது தெரிந்த பிறகுதான் அதற்கு விடை. சமன்பாட்டில் குறி மாறுகிற மாணவிக்கு நாள்தோறும் பத்து நிமிடம் போதும். எழுத்துக் கூட்டிப் படிக்கவே திணறுகிற பிள்ளைக்கு ஒருவர் அருகில் உட்கார வேண்டியிருக்கும். அதை முதலில் பள்ளியிலேயே ஏற்பாடு செய்ய முடியுமா என்று பார்த்துவிட்டுத்தான் எழுதுவேன். சேர்த்தால், சுருக்கத்தின் பலவீனப் பகுதியை டியூஷன் ஆசிரியரிடமும் காட்டும்படி சொல்கிறேன்.

பின்தங்கக் காரணம் வீட்டுச் சூழல் என்று எனக்குத் தெரியும். அதையும் எழுதலாமா?

தாளில் எழுத வேண்டாம். அந்தத் தாள் வீட்டில் பலர் கைக்குப் போகும், சில வேளை பக்கத்து வீட்டார் படித்துச் சொல்வார்கள். தந்தை குடிப்பது, அம்மா ஊரில் இல்லாதது, பிள்ளை அதிகாலையில் பால் ஊற்றப் போவது போன்றவற்றை உரியவரிடம் தனியே, நேரில் பேச வேண்டும்.

கண் பார்வை போன்றவை வேறு. கரும்பலகையிலிருந்து எழுதிய நோட்டில் எண்கள் தவறியும், புத்தகத்தைப் பார்த்து எழுதியதில் சரியாகவும் இருந்தால், அதைச் சுருக்கத்தில் அப்படியே எழுதலாம்: "பலகையில் உள்ளதைத் தவறாகப் பார்த்து எழுதுகிறாள், கண் மருத்துவரிடம் ஒருமுறை காட்டுங்கள். அதுவரை முன் வரிசையில் உட்கார வைத்திருக்கிறேன்." பார்வைக் குறை என்று நாமே முடிவுசெய்து எழுதாமல், நாம் கண்டதை மட்டும் எழுத வேண்டும், மற்றது மருத்துவர் சொல்ல வேண்டியது.